முப்பது கேள்வி... இருபது நிமிஷம்... ஒரு முரட்டுப் பத்தி!

இருபது நிமிஷத்தில் ஒரு மனிதன் என்னதான் செய்துவிட முடியும்? சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து, பேப்பரில் ராசிபலன் பார்த்து, ‘எதிர்பாராத பணவரவு’ என்று போட்டிருப்பதை நம்பி இன்னொரு டீ சொல்வதற்குள் அந்த இருபது நிமிஷம் போய்விடும். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் அதே இருபது நிமிஷத்துக்குள் முப்பது இங்கிலீஷ் கேள்விகளை முடித்தாக வேண்டும். கேள்விக்கு நாற்பது செகண்டு. மணி அடித்ததும் கம்ப்யூட்டர் அந்தப் பகுதியை மூடிவிட்டு அடுத்த பகுதிக்கு உங்களைத் தள்ளிவிடும். ‘ஸார், ஒரு நிமிஷம் ஸார்’ என்று கெஞ்சுவதற்கு அங்கே ஆளே கிடையாது.

இந்த முப்பதில் ஏழெட்டு, சில வருஷம் பத்து கேள்விகள் ஒரே ஒரு நீண்ட பத்தியிலிருந்து வரும். திரையின் இடது பக்கம் பத்தி, வலது பக்கம் கேள்வி. இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓர் அச்சாபீஸ் தம்பியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பகல் முழுக்க பில் போடுகிறார். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்தாச்சென்றால் ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். முதல்நிலைத் தேர்வும் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள், அதாவது காலண்டரும் தீபாவளியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் சீஸனில்தான் வரும். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் படித்து, மொதலாளியிடம் லீவு வாங்கி, பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிறார். முதலில் வந்து நிற்பது முரட்டுப் பத்தி. தம்பி ரோஷக்காரர். ‘இதை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை’ என்று பதினோரு நிமிஷம் மல்லுக்கட்டுகிறார். எட்டுக் கேள்வியில் ஆறு சரி, இரண்டு தப்பு.

சபாஷ் போடலாமா? கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுவோம். ஒரு சரிக்கு ஒரு மார்க். ஒரு தப்புக்குக் கால் மார்க் பறிபோகும். ஆறிலிருந்து அரை போனால் ஐந்தரை. மிச்சம் ஒன்பது நிமிஷம். நாற்பது செகண்டுக்கு ஒன்று என்று பதிமூன்று கேள்வி போடுகிறார். பத்து சரி, மூன்று தப்பு: ஒன்பதேகால். மொத்தம் பதினாலே முக்கால். கடைசி ஒன்பது கேள்விகளை அவர் பார்க்கவே இல்லை. அந்த ஒன்பதில் ‘இது தெரியுமே!’ என்று துள்ளக்கூடிய இலக்கணக் கேள்விகள் நாலைந்து இருந்திருக்கலாம்.

பக்கத்து ஸீட்டில் இன்னொருவர். இங்கிலீஷில் நம் தம்பியைவிட உசத்தி இல்லை. பத்தியைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மற்ற இருபத்திரண்டு கேள்விகளுக்குப் போகிறார். பதிமூன்று நிமிஷத்தில் இருபது போட்டு, பதினாறு சரி, நாலு தப்பு: பதினைந்து மார்க். பிறகு ஏழு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு பத்திக்குத் திரும்புகிறார். எட்டில் ஐந்தை மட்டும் தொடுகிறார். நாலு சரி, ஒன்று தப்பு: மூன்றே முக்கால். மொத்தம் பதினெட்டே முக்கால். இருவருக்கும் நடுவே நாலு மார்க் வித்தியாசம். கட்-ஆஃப் என்பது கால் மார்க்கில் ஆளைக் கவிழ்க்கும் தேர்வு இது. அதுவும் இங்கிலீஷுக்குத் தனி கட்-ஆஃப் உண்டு. கணக்கில் புலியாக இருந்தாலும் இதில் சறுக்கினால் வீட்டுக்குத்தான்.

இரண்டாமவர் செய்ததில் கெட்டிக்காரத்தனம் எது? பத்தியைத் தள்ளிப்போட்டது பாதிதான். மீதிப் பாதி, திரும்பி வந்தபோது எந்த ஐந்தைத் தொடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பத்தி கடினம் என்றால் அதன் கேள்வி எல்லாமே கடினம் என்று அர்த்தமில்லை. தடித்த எழுத்தில் ஒரு சொல்லைக் காட்டி அதே பொருள் தரும் சொல் எது, எதிர்ச்சொல் எது என்று ஒன்றிரண்டு கேள்வி அநேகமாக இருக்கும். அதற்கு அந்தச் சொல் வரும் வாக்கியத்தையும் முன்னும் பின்னும் ஒரு வரியையும் படித்தால் போதும். வருஷம், பெயர், எண் எதையாவது குறிப்பிட்டுக் கேட்கும் கேள்வி இருந்தால் அந்த எண்ணைப் பத்தியில் கண்ணால் தேடி அந்த இடத்தை மட்டும் படிக்கலாம். இந்த மூன்று கேள்விக்கு இரண்டு நிமிஷம் போதும். ‘ஆசிரியரின் தொனி என்ன’, ‘இதிலிருந்து எதை ஊகிக்கலாம்’ என்ற ரகம்தான் முழுப் பத்தியையும் விழுங்கச் சொல்லும். ஊகத்துக்கு வேலை வருவது அங்கேதான்.

பத்தியை விடுவதா, பிடிப்பதா என்பதை எப்படி முடிவு செய்வது? முதல் பாராவையும் கடைசி இரண்டு வரியையும் படியுங்கள். ஒன்றரை நிமிஷத்துக்குமேல் வேண்டாம். பிறகு மனசுக்குள் தமிழில், டீக்கடை பாஷையில், ‘இந்த மனுஷன் என்னதான் சொல்ல வர்றான்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் பதில் வந்தால் பத்தி உங்களுடையது. வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து படிக்கக் கூடாது. புரியாத வாக்கியத்தை மூன்றாவது முறை படிக்கும்போது கூடுதலாகப் புரிவதில்லை, பயம்தான் கூடுகிறது.

சரி, ஊகத்துக்கு வருவோம். குருட்டாம்போக்கில் போட்டால் என்ன ஆகும்? வங்கித் தேர்வில் ஐந்து விடைகள். இருபது கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக நாலு சரியாக விழும்: நாலு மார்க். பதினாறு தப்பாகும்: பதினாறு கால், அதாவது நாலு மார்க் போச்சு. கூட்டிக் கழித்தால் சைபர்! லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கால் மார்க் தண்டனையை வைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஐந்தில் ஒரு விடையை ‘இது நிச்சயம் இல்லை’ என்று அடித்துவிட்டால் கதை மாறுகிறது. அப்படிப் பதினாறு கேள்வி போட்டால் நாலு சரி, பன்னிரண்டு தப்பு. ஒரு மார்க் மிஞ்சும். சொற்ப லாபம். இரண்டை அடித்தால் முப்பது கேள்விக்குப் பத்து சரி, இருபது தப்பு. ஐந்து மார்க் மிஞ்சும். மூன்றை அடித்து இரண்டில் ஒன்று என்று நின்றால் எட்டுக் கேள்விக்கே மூன்று மார்க் லாபம். ஆகவே ஒன்றைக்கூட அடிக்க முடியாத கேள்வியை விட்டுவிடலாம், குடி முழுகாது. இரண்டை அடித்துவிட்டீர்களா? விடுவதுதான் நஷ்டம்.

எதை அடிப்பது? இங்கேதான் சிவகாசிக்காரருக்கென்றே ஒரு தனிப் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது. ஒரு மாதிரிப் பத்தியை வைத்தே பார்ப்போம். தேர்வில் இங்கிலீஷில் வரும். வசதிக்காக நான் தமிழில் எழுதித் தருகிறேன்.

“2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளை முற்றிலும் தடை செய்ய மறுத்தது. ஆனால் மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம் என்றது. சரவெடிகளையும் பேரியம் உப்புகளையும் தடை செய்தது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்தைத் தருவதோடு, எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் தரும் பொருள். எனவே ஒரு டப்பாவை எடுத்துவிட்டு இன்னொரு டப்பாவை வைக்கும் வேலையாக இது முடியவில்லை. கலவை முறையையே திருத்த வேண்டியிருந்தது. ஆய்வுக்கூட வசதி உள்ள பெரிய ஆலைக்கு இது செலவு. சிறிய ஆலைக்கு இது பிழைப்புப் பிரச்னை.”

முதல் கேள்வி: பேரியம் தடை ஏன் எளிதில் சமாளிக்கக் கூடியதாக இல்லை என்கிறார் ஆசிரியர்?

(அ) எல்லாப் பட்டாசுகளிலும் பேரியம் இருப்பதால்.
(ஆ) கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட் சேர்க்கப்பட்டு வந்ததால்.
(இ) பச்சை நிறத்துக்கு வேறு பொருளே இல்லாததால்.
(ஈ) தயாரிப்பு முறையிலேயே மாற்றம் தேவைப்பட்டதால்.
(உ) நீதிமன்றம் பட்டாசை முழுவதும் தடை செய்துவிட்டதால்.

(உ) பத்தியின் முதல் வாக்கியத்துக்கே நேர் எதிர். அடியுங்கள். (அ)வில் ‘எல்லா’ என்று ஒரு சொல் முறைத்துக்கொண்டு நிற்கிறது. பத்தியில் அப்படி எங்கும் இல்லை. அடியுங்கள். (இ) பாதி உண்மை: பச்சை நிறம் பத்தியில் இருக்கிறது, ‘வேறு பொருளே இல்லை’ என்பது இல்லை. பத்தியில் வந்த சொல்லை அப்படியே எடுத்து, அதன் வாலில் பொய்யைக் கட்டி விடுவது கேள்வி தயாரிப்பவர்களின் பழைய வித்தை. சொல் தெரிந்த முகமாக இருக்கிறதே என்று அவசரக்காரர்கள் இதில்தான் விழுவார்கள்.

மிச்சம் (ஆ)வும் (ஈ)யும். சென்னைக்காரர் (ஆ)வைச் சட்டை செய்யாமல் போய்விடுவார். நம் ஊர்க்காரரால் முடியாது! கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட் போட்டது அவருக்குத் தெரியும். மாமா ஆலையில் பார்த்திருப்பார். ‘இது உண்மையாச்சே’ என்று கை தானாகப் போகும். உண்மைதான், ஆனால் பத்தியில் கம்பி மத்தாப்பு என்ற பேச்சே இல்லை. கேள்வி ‘உலகத்தில் எது உண்மை’ என்பதல்ல. ‘ஆசிரியர் என்ன சொன்னார்’ என்பது. ஆகவே (ஈ). அதில் பத்தியின் சொற்கள் ஒன்றுகூட அப்படியே இல்லை, கவனித்தீர்களா? ‘கலவை முறையைத் திருத்துவது’ என்பது ‘தயாரிப்பு முறையில் மாற்றம்’ என்று வேஷம் மாறி வந்திருக்கிறது. சரியான விடை பல நேரம் இப்படி மாறுவேஷத்தில்தான் வரும்.

நமக்குத் தெரிந்த விஷயத்தில் பத்தி வந்தால் ‘லட்டு மாதிரி’ என்று சந்தோஷப்படுகிறோம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு பற்றிய பத்தியில் சிவகாசிக்காரர் செய்யும் தப்பை, கப்பல் பற்றிய பத்தியில் தூத்துக்குடிக்காரர் செய்வார். விடைக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வரி அகப்படாவிட்டால் விரலை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் வில்லங்கம்: சிறிய ஆலைகள் பற்றி ஆசிரியரின் கருத்து என்ன?

(அ) அவை தடையை மீறின.
(ஆ) பெரிய ஆலைகளைவிட அவற்றுக்குத் தடையின் பாதிப்பு கடுமை.
(இ) அவை அனைத்தும் மூடப்படும்.
(ஈ) புதிய கலவையில் அவற்றுக்கு அக்கறை இல்லை.
(உ) அரசாங்கம் அவற்றுக்கு உதவ வேண்டும்.

பத்தி முழுதும் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘பெரிய ஆலைக்கு இது செலவு, சிறிய ஆலைக்கு இது பிழைப்புப் பிரச்னை’ என்ற கடைசி வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. அது போதும். மீறியதாகவோ அக்கறை இல்லை என்றோ அதில் பழி இல்லை. (அ), (ஈ) போயின. ‘அனைத்தும் மூடப்படும்’ என்பது ஜோஸ்யம், (இ) போயிற்று. இப்போது (ஆ)வும் (உ)வும். நம் தம்பியின் நெஞ்சு (உ) பக்கம் சாயும். அவர் தெருவில் இருப்பவர்கள் பிழைப்பல்லவா அது! ஆனால் அது தம்பியின் கருத்து. ஆசிரியர் பெரிய ஆலையையும் சிறிய ஆலையையும் ஒப்பிட்டார். யாருக்கும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. இரண்டு விடை மிஞ்சினால் அடக்கமாக, குறைவாகப் பேசுகிற விடையின் பக்கம் நில்லுங்கள். அதிகம் பேசுகிற விடையை நிரூபிக்கப் பத்தியில் அதிக ஆதாரம் வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் இருக்காது.

உடனே ஒரு எச்சரிக்கை. ‘மட்டுமே, எல்லா, ஒருபோதும் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடி’ என்று சில கோச்சிங் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அப்படியே பிடித்துக்கொண்டால் ஆபத்து. மேலே உள்ள பத்தியிலேயே ‘மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே’ என்று இருக்கிறது பாருங்கள். எவற்றைத் தயாரிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது என்று கேட்டால், ‘மட்டுமே’ போட்ட விடைதான் சரி. அந்தச் சொல்லைக் கண்டால் உடனே அடிப்பதில்லை. பத்தியில் அதற்கு ஜோடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிப்பது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘வரிசையாக மூணு ‘சி’ வந்திருச்சு, நாலாவது ‘சி’ வராது’, ‘நீளமான விடைதான் சரியா இருக்கும்’ என்று சாஸ்திரம் சொல்லுவார்கள். முந்தைய கேள்வியின் விடைக்கும் அடுத்த கேள்விக்கும் எந்த உறவும் கிடையாது. நீளமான விடையை நம்புகிறவர்களுக்கென்றே நீளமாகப் பொய் எழுதுவதும் கேள்வி தயாரிப்பவர்களுக்குக் கஷ்டமில்லை.

உங்கள் ஊகம் நல்ல ஊகமா, ஓட்டை ஊகமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். பழைய பில்லின் பின்பக்கம் போதும். தெரிந்து போட்ட விடைக்கு எதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று என்று போட்டால் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் 3, இரண்டில் ஒன்று என்றால் 2. ஏழெட்டுத் தேர்வு முடிந்ததும் தனித்தனியாக எண்ணுங்கள். ஐந்துக்கு ஒன்று சரியானால் கையைக் கடிக்காது. 2 போட்ட கேள்விகளில் பாதியாவது சரியாக வர வேண்டும். ஐந்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை. குருட்டாம்போக்கில் போட்டவனே ஐந்துக்கு ஒன்று வாங்கிவிடுவான்! நீங்கள் அதைவிட மோசம் என்றால், சரியான விடையை அடித்துவிட்டுப் பொறியை விட்டுவைக்கிறீர்கள் என்று அர்த்தம். அநேகமாக அந்த ‘தெரிந்த முகம்’ வியாதியாகத்தான் இருக்கும்.

எல்லாத் தேர்வுக்கும் இதே கணக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் நாலே விடைகள். சரிக்கு இரண்டு மார்க், தப்புக்கு அரை. அங்கே பதினாறு கேள்வியைக் குருட்டாம்போக்கில் போட்டாலும் நாலு சரி, பன்னிரண்டு தப்பு என்று எட்டில் ஆறு போய் இரண்டு மிஞ்சும். யூ.பி.எஸ்.சி. முதல்நிலையில் நாலு விடை, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு தண்டனை. குருட்டு ஊகம் மறுபடி சைபர். நம்ம டி.என்.பி.எஸ்.சி.யில் தப்பு விடைக்குத் தண்டனையே இல்லை. ஆகவே ஊகிக்க யோசிக்கவே வேண்டாம். ஆனால் 2020-ல் அங்கே ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்று ஒரு வட்டம் கொண்டு வந்தார்கள். காலியாக விட்டுவிட்டு வருகிறவருக்குத்தான் அந்த ஏற்பாட்டில் ஆபத்து. ஹால் டிக்கெட்டோடு வரும் விதிகளை ஒவ்வொரு தடவையும் படித்துவிடுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

கடைசியாக, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன சமாசாரம். வங்கித் தேர்வில் விடையைத் தொட்டுவிட்டு, வலது பக்கம் இருக்கும் எண் கட்டத்தைத் தட்டி நேராக வேறு கேள்விக்குத் தாவினால் நீங்கள் போட்ட விடை பதிவாகாது. Save & Next அழுத்தினால்தான் பதிவு. ஊகித்த கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்றால், விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு Mark for Review & Next அழுத்துங்கள். திரும்பி வர நேரம் இல்லாமல் போனாலும் அந்த விடையைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். விடை போடாமல் வெறுமனே மார்க் செய்துவிட்டுப் போனீர்களானால் அது காலிதான். போட்ட ஊகம் பிடிக்கவில்லையா? Clear Response என்று ஒரு பட்டன் இருக்கிறது. கடைசி நிமிஷத்தில் அதைத் தட்டுவதற்கு முன், எத்தனை விடையை அடித்துவிட்டு அதைப் போட்டீர்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். இரண்டு என்றால், கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.